கோவலனைக் கொன்றது யார்? வினைச்சொற்களை வைத்துப் பார்க்கலாமா?

கதிரவன்

ஒரு கவிதையில் யார் செய்கிறார், யார் படுகிறார் என்று தெரிய வேண்டுமானால் செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டையும் தனித்தனியாகக் குறித்துப் பார் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். செயப்பாட்டுவினை வரும் இடத்தில் செய்தவரை மறைக்கிறார்கள், அங்கே நின்று யோசி என்பதுதான் அவர் சொன்ன வழி. அதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் செய்து பார்த்தேன். கோவலன் வெட்டுப்படும் இடம், கதையிலேயே பெரிய அநியாயம் நடக்கும் இடம், அங்கே 'கொல்லப்பட்டான்' மாதிரி ஏதாவது இருக்கும் என்று தேடினால் ஒன்றுகூட இல்லை.

கல்லாக் களிமகன் ஒருவன் கையில்
வெள்வாள் எறிந்தனன் விலங்கூடு அறுத்தது

நடுவில் இரண்டு அடி விட்டு,

காவலன் செங்கோல் வளைஇய வீழ்ந்தனன்
கோவலன் பண்டை ஊழ்வினை உருத்தென்

எறிந்தனன், அறுத்தது, வீழ்ந்தனன். எல்லாமே செய்வினை. அப்படியானால் இங்கே யாரும் மறைக்கப்படவில்லை என்று அர்த்தமா? ஆனால் படித்து முடித்தால் கொன்றது யார் என்று எனக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இந்த வழி தமிழ்க் கவிதைக்கு உதவாதா, இல்லை நான் சரியாகப் பயன்படுத்தவில்லையா?

செல்வகணபதி

செயப்பாட்டுவினைக்கு 'படு' என்ற துணைவினையும் 'ஆல்' உருபும் வரும். 'கோவலன் காவலரால் கொல்லப்பட்டான்' என்று மாற்றினால் செயப்பாட்டுவினை, 'காவலர் கோவலனைக் கொன்றனர்' என்றால் செய்வினை. தேர்வில் இதைத்தான் கேட்பார்கள், எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று பார்த்து மாற்றி எழுதப் பழகுங்கள்.

கதிரவன்

நன்றி ஐயா, மாற்றத் தெரியும். மாற்றாமல் இருக்கிற வரி என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

இளவேனில்

இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நானும் தேடினேன். அதே காதையில் காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு 'கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். வழக்குரை காதையில் கண்ணகி 'நின்பால் கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி' என்கிறாள். இரண்டு இடத்திலும் 'படு' இருக்கிறது, இரண்டிலும் கோவலன் பாதிக்கப்பட்டவன். அப்படியானால் விதி சரியாகத்தான் வேலை செய்கிறது. 'படு' வந்தால் துன்பப்படுபவர், வராவிட்டால் செய்பவர். கண்ணகிகூட அரசன் பெயரை நேராகச் சொல்லாமல் செயப்பாட்டுவினையால் மறைத்துத்தான் பேசுகிறாள், சபை மரியாதையாக இருக்கலாம்.

நிலமங்கை

இளவேனில், தேடிப் பிடித்த இரண்டு இடமும் அருமையான இடங்கள். ஆனால் முடிவு அப்படியே தலைகீழாக இருக்கிறது என்று நினைக்கிறேன். கதிரவன் கேள்வியோடு சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் 'படு'. பழைய தமிழில் இது எப்போதும் துணைவினை இல்லை. விழுதல், சேர்தல், உண்டாதல், அகப்படுதல் என்று அதற்குச் சொந்தப் பொருள் உண்டு. 'கன்றும் உண்ணாது கலத்தினும் படாது' என்று குறுந்தொகையில் வருகிறதே, அங்கே பால் பாத்திரத்தில் விழவில்லை என்று அர்த்தம், யாரும் பாலைப் படுத்தவில்லை. அதனால் 'படு'வை எண்ணிக் கணக்கெடுத்தால் பழைய பாட்டில் ஏமாந்துபோவோம்.

அடுத்து, கண்ணகி மறைக்கிறாள் என்றீர்கள். அவள் சொற்களை வரிசையாகப் பாருங்கள். 'நின்னகர்ப் புகுந்து', 'என்காற் சிலம்பு பகர்தல் வேண்டி', 'நின்பால் கொலைக்களப் பட்ட'. உன் நகரம், உன்னிடத்தில். கோவலன் செய்த காரியங்கள் இரண்டுதான்: உள்ளே வந்தான், சிலம்பை விற்க விரும்பினான். மூன்றாவதாக வருவது அவனுக்கு நேர்ந்தது. அது எங்கே, யாரிடத்தில் நேர்ந்தது என்பதற்கு 'நின்பால்' இருக்கிறது, சபையில் அரசன் முகத்துக்கு நேரே. இந்த 'பட்ட' செய்தவனை மறைக்கவில்லை. பட்டவனை முன்னால் நிறுத்திவிட்டுச் செய்தவனை விரலால் காட்டுகிறது. பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து பேசுகிறவர்களுக்கு இந்த வடிவம் ரொம்பத் தேவை, ஏனென்றால் வாக்கியத்தின் எழுவாய் தங்கள் ஆளாகவே இருக்கும்.

இதற்கு அரசன் சொல்கிற பதிலைப் பாருங்கள்: 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று'. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது. இங்கேதான் ஆள் காணாமல் போகிறார். கோறல் தொழிற்பெயர். அதற்குக் காலம் இல்லை, எழுவாய் தேவையில்லை, யார் கொன்றார் என்ற கேள்வியே அதில் எழாது. அவள் ஒரு குறிப்பிட்ட மனிதனைப் பற்றி, குறிப்பிட்ட இடத்தைச் சொல்லிக் கேட்கிறாள், அவன் பொதுச்சட்டம் ஒன்றைச் சொல்லிப் பதில் கொடுக்கிறான். கோவலன் என்ற பெயரும் 'கள்வன்' ஆகிவிட்டது. 'படு' எதுவும் இல்லாமலே செய்தவரும் பட்டவரும் சேர்ந்து மறைந்துவிட்டார்கள்.

அதனால் கதிரவன், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி தவறில்லை. தமிழில் செய்தவரை மறைக்க முதலில் பயன்படுகிற கருவி செயப்பாட்டுவினை அல்ல, அவ்வளவுதான்.

மலர்க்கொடி

இதைப் படித்ததும் என் சொந்தக் கவிதை ஒன்று நெருடுகிறது. கொஞ்சம் திசை மாறினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். தாத்தா வீட்டை இடித்தபோது எழுதியது. இடித்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களேதான், எங்களைக் கேட்கவில்லை.

சுவர் இடிந்தது
கதவு கழன்றது
நிலை சாய்ந்தது
நாங்கள் தெருவில் நின்றோம்

படித்த எல்லோரும் 'பாவம், மழையா, புயலா?' என்று கேட்டார்கள். ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. இவை எல்லாம் செயப்பாட்டுவினையா?

நிலமங்கை

திசை மாறவே இல்லை, நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இடிந்தது, கழன்றது, சாய்ந்தது மூன்றும் செயப்பாட்டுவினை இல்லை. தானே நடப்பதைச் சொல்லும் வினைகள். தமிழில் இந்த ஜோடிகள் ஏராளம்: இடிந்தது – இடித்தார், கழன்றது – கழற்றினார், சாய்ந்தது – சாய்த்தார், உடைந்தது – உடைத்தார். வல்லின எழுத்து ஒன்று கூடினால் ஒரு மனிதர் உள்ளே வருகிறார், மெலிந்தால் அவர் வெளியே போய்விடுகிறார்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். 'வேண்டுமென்றே' என்ற சொல்லைச் சேர்த்துப் படியுங்கள். 'சுவர் வேண்டுமென்றே இடிக்கப்பட்டது' என்று சொல்ல முடிகிறது, 'சுவர் வேண்டுமென்றே இடிந்தது' என்று சொல்ல முடியாது. திருப்பியும் பாருங்கள். 'தானாக இடிந்தது' சரியாக இருக்கிறது, 'தானாக இடிக்கப்பட்டது' ஒட்டாது. அதாவது செயப்பாட்டுவினை செய்தவருக்கு ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறது, படிப்பவர் அந்தக் காலி இடத்தைப் பார்த்து 'யாரால்?' என்று கேட்பார். 'இடிந்தது' என்றால் அந்த இடமே கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் வாசகர்கள் புயலைத் தேடினது அதனால்தான். நீங்கள் மூன்று வரியில் மூன்று முறை மனிதரை வெளியே அனுப்பிவிட்டீர்கள். கவிதையிலேயே மனிதர் செய்கிற ஒரே காரியம் நீங்கள் தெருவில் நின்றது.

மலர்க்கொடி

அப்படியானால் 'பெரியப்பா சுவரை இடித்தார்' என்று எழுத வேண்டுமா? அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிற கவிதை அது இல்லை.

நிலமங்கை

வேண்டாம். நடுவில் படிகள் இருக்கின்றன. 'கதவு கழற்றப்பட்டது' என்றால் யாரோ ஒருவர் இருக்கிறார், முகம் இல்லை. 'கதவைக் கழற்றினார்கள்' என்று எழுவாய் சொல்லாமல் விட்டால் முகம் தெரியாது, ஆனால் பல பேர், மனிதர்கள், உயர்திணை என்பது விகுதியிலேயே தெரிந்துவிடும். தமிழ் வினைமுற்று இந்த வசதியைக் கொடுக்கிறது. பெயரே சொல்லாமல் '-ஆர்கள்' என்ற வால் மட்டும் நின்று ஆட்களைக் காட்டும்.

என்னைக் கேட்டால் மூன்றையும் மாற்ற மாட்டேன். சுவர் இடியட்டும், நிலை சாயட்டும். நடுவில் கதவை மட்டும் 'கதவைக் கழற்றி எடுத்துப் போனார்கள்' என்று வையுங்கள். புயல் கதவைக் கழற்றி எடுத்துப் போகாது. அந்த ஒரு வினை மேலும் கீழும் இருக்கிற இரண்டையும் சேர்த்து மாற்றிவிடும்.

கதிரவன்

இந்தச் சோதனையோடு என் வரிகளுக்குத் திரும்பினேன். 'வீழ்ந்தனன் கோவலன்'. இலக்கணப்படி செய்வினை, கோவலன் எழுவாய். ஆனால் விழுவது அவன் செய்த காரியம் இல்லை, 'வேண்டுமென்றே வீழ்ந்தனன்' என்று சொல்ல முடியாது. எழுவாயாக இருப்பதும் செய்பவனாக இருப்பதும் ஒன்று இல்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் எறிந்தனன்? அது முழுக்க மனிதன் செய்த செயல். பிறகு 'அறுத்தது' யார்? வாளா?

ஏடுபார்ப்பவர்

வாள்தான். நிலமங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், நான் இந்த ஆறு அடியைப் பல வருஷமாகப் பாடம் சொல்கிறவன்.

ஒவ்வொரு வினையாகப் பிரித்து, அதன் எழுவாய் யார், அது யாரைத் தொடுகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எறிந்தனன்: செய்தவன் கல்லாக் களிமகன் ஒருவன். பெயர் இல்லை, குடித்தவன், படிக்காதவன், 'ஒருவன்'. அவன் கையில் வெள்வாள் இருக்கிறது. யாரை எறிந்தான்? சொல்லப்படவில்லை, 'கோவலனை' என்ற சொல் இந்த ஆறு அடியில் எங்குமே கிடையாது. அடுத்தது அறுத்தது. விகுதி 'து', அஃறிணை. மனிதன் ஒரு வினையோடு விலகிவிட்டான், உடம்பைத் துண்டாக்கிய வேலை வாளிடம் போய்விட்டது. எதை அறுத்தது? அதுவும் இல்லை. அப்புறம் புண் குருதியை உமிழ்கிறது, மண்மகள் துயரம் கொள்கிறாள், செங்கோல் வளைகிறது. அதற்குப் பிறகுதான் கோவலன் என்ற பெயரே வருகிறது, அதுவும் 'வீழ்ந்தனன்' என்ற வினைக்கு எழுவாயாக. கடைசியில் ஊழ்வினை 'உருத்து' வந்தது என்று முடிகிறது, சினந்து எழுந்தது என்று.

செய்கை கைமாறிக்கொண்டே போகிறது பாருங்கள். மனிதன், வாள், புண், செங்கோல், ஊழ். ஒவ்வொரு அடியிலும் யாரோ ஏதோ செய்கிறார்கள், வெட்டினவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் நடுவில் மட்டும் ஒரு வினைகூடப் பாலம் போடவில்லை. கதிரவனுக்குக் கொன்றது யார் என்று சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

கருவியை எழுவாயாக்குவதும் செயப்படுபொருளை எழுவாயாக்குவதும் தமிழுக்குப் புதிதில்லை. 'செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது, உரைகாரர்கள் 'திண்ணை மெழுகிற்று' என்று உதாரணம் காட்டுவார்கள். திண்ணை தன்னைத்தானே மெழுகாது, யாரோ மெழுகினார்கள், நாம் அப்படித்தான் பேசுகிறோம். அதனால் ஒரு வரியில் ஆள் இல்லை என்றதும் சதி என்று பாய்ந்துவிடக் கூடாது. வழக்கமான பேச்சாகவும் இருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் பல வரிகளில் ஒரே ஆள் மட்டும் தொடர்ந்து காணாமல் போனால்தான் கவனிக்க வேண்டும்.

இளவேனில்

சரி, 'படு' கணக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் இந்த ஆறு அடியில் அரசன் எங்கே? அவன் செய்த எந்த வினையும் இல்லையே. 'காவலன் செங்கோல் வளைஇய' என்பதில்கூட செங்கோல்தான் வளைகிறது, காவலன் வளைக்கவில்லை. அப்படியானால் இளங்கோ அரசனைக் காப்பாற்றுகிறார் என்றுதானே ஆகிறது?

ஏடுபார்ப்பவர்

அரசனுடைய வினை கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. அவன் ஆணை இது: சிலம்பு கள்வன் கையில் இருந்தால் 'கொன்றச் சிலம்பு கொணர்க'. இரண்டும் நேரான செய்வினை. ஆனால் கொல்வதும் கொணர்வதும் காவலர்கள் செய்ய வேண்டியவை, ஏவினவன் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறான். ஏவல் வினையில் எப்போதும் இப்படித்தான், பேசுகிறவர்தான் காரணம், எழுவாய் கேட்கிறவர்.

இதற்கும் முந்தின அடிகளில்தான் அரசனே எழுவாயாக நிற்கிறான். அங்கே 'வினைவிளை காலம் ஆதலின்' என்று ஊழைச் சொல்லிவிட்டு, வேப்பம்பூ மாலை சூடிய பாண்டியனை இளங்கோ 'தேரான் ஆகி' என்கிறார். ஆராயாதவனாகி. பிறகு காவலரைக் கூவுகிறான், ஆணையிடுகிறான். கூவுவதும் சொல்வதும் சாதாரணக் காரியம். குற்றமாக அவன்மேல் ஏறுகிற வினை அந்தத் 'தேரான்' ஒன்றுதான், அது எதிர்மறை. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

செய்வினை, செயப்பாட்டுவினை என்று மட்டும் கோடு போட்டுக்கொண்டு போனால் இதைத் தாண்டிப் போய்விடுவோம். செய்யாமல் விட்டதும் ஒரு வினைதான், அதற்கும் எழுவாய் உண்டு.

நிலமங்கை

ஏடுபார்ப்பவர் சொன்னதைக் கேட்டதும் வழக்குரை காதையை மறுபடி எடுத்தேன். கண்ணகி அரசனிடம் பேசும் முதல் சொல் என்ன? 'தேரா மன்னா'!

கதை சொல்கிறவர் அரசன்மேல் வைத்த அதே வினையை, அதே எதிர்மறையை, அந்த இடத்தில் இல்லாத கண்ணகி தன் வாயால் அவனை விளிக்கப் பயன்படுத்துகிறாள். வாள், களிமகன் இரண்டையும் அவள் எடுக்கவில்லை. வெட்டினவனைத் தேடவே இல்லை. கையில் வாள் பிடித்தவனுக்கும் ஆராயாமல் விட்டவனுக்கும் நடுவில் யார் செய்தவன் என்று அவள் முடிவு செய்துவிட்டுத்தான் வாசலில் வந்து நிற்கிறாள். இது இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை, ரொம்ப நன்றி.

மலர்க்கொடி

மாற்றி எழுதிவிட்டேன். 'சுவர் இடிந்தது / கதவைக் கழற்றிப் போனார்கள் / நிலை சாய்ந்தது / எங்களை யாரும் கேட்கவில்லை.' கடைசி வரியில் தெருவில் நின்றதை எடுத்துவிட்டேன். ஏடுபார்ப்பவர் சொன்ன செய்யாமல் விட்ட வினையைப் படித்ததும் அதுதான் நான் சொல்ல நினைத்தது என்று தோன்றியது.

கதிரவன்

நல்லா இருக்கு மலர்க்கொடி, இப்போது புயல் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. ஊழ்வினையை என்ன செய்வது? அது உருத்து வருகிறது, பதிகத்திலும் 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று இருக்கிறது. ஊட்டும் என்றால் பிறவினை, பலமான செய்கை. எல்லாவற்றையும் செய்வது ஊழ் என்றால் அரசன் ஆராயாததும் ஊழின் வேலைதானே?

இளவேனில்

அதைத்தான் நானும் சொல்கிறேன். காட்சிக் காதையில் செங்குட்டுவன் 'வல்வினை வளைத்த கோலை' என்கிறான். கொலைக்களத்தில் தானாக வளைந்த செங்கோலை இப்போது வல்வினை வளைத்ததாகிவிட்டது. வல்லினம் கூடி ஆள் உள்ளே வந்தாயிற்று, ஆனால் வந்த ஆள் அரசன் இல்லை, வினை. இன்னொரு அரசன் பேசும்போது இப்படி வருவதைக் கவனியுங்கள்.

ஏடுபார்ப்பவர்

நல்ல கண். யார் வாயில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தது ரொம்ப முக்கியம். ஆனால் பதிகத்தில் அதே மூச்சில் 'அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவதூஉம்' என்றும் இருக்கிறது. பிழைத்தோர் என்று உயர்திணை விகுதி போட்டு ஆளைச் சொல்கிறார், ஊழைச் சொல்லவில்லை. நூல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது. ஒன்றை எடுத்து இன்னொன்றைத் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

நிலமங்கை

அரசனுடைய கடைசிப் பேச்சில்தான் எனக்குச் சிக்கல். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று முழுக்க ஏற்றுக்கொள்கிறான், அதில் வினையே இல்லை, இரண்டு பெயர்தான். ஆனால் அதற்கு முந்தின அடியில் 'பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட' என்று தனக்குக் கொடுத்துக்கொள்கிற வினை கேட்டல், கொல்லுதல் இல்லை. அடுத்து 'தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது' என்கிறான். பிழைத்தது, அஃறிணை. பிழைத்தேன் என்று சொல்லவில்லை, காவல் பிழைத்துவிட்டது, என்னிலிருந்து.

ஏடுபார்ப்பவர்

அதை மறைப்பு என்று எடுக்க முடியாது. காவல் அவனுக்கு முன்னால் வழிவழியாக வந்த பொருள், அது முதல்முறையாகத் தன்னிடத்தில் தவறியது என்று சொல்ல அஃறிணை எழுவாய்தான் வேண்டும். 'பிழைத்தேன்' என்றால் தன் தவறு மட்டும் தெரியும், வம்சத்தின் காவல் முறிந்தது தெரியாது. அடுத்த சொல் 'கெடுக என் ஆயுள்', உடனே விழுந்து இறக்கிறான்.

நிலமங்கை

'கெடுக' என்பதும் தானே நடப்பதுதான் ஐயா. நீங்கள் சொல்வது 'என்முதல்' என்ற சொல்லுக்குப் பொருந்துகிறது. 'கேட்ட' என்பதற்கு இன்னும் பொருந்தவில்லை, கொன்று கொணர்க என்று சொன்னவன் அவன், கொல்லன் சொல்லைக் கேட்டவன் மட்டும் இல்லை. அந்த ஆணையை அவன் கடைசிவரை தன் வாயால் திருப்பிச் சொல்லவே இல்லை.